கடனுக்கு ஏது பதவிக்காலம்?

‘உங்கள் வீட்டுக் கடனின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டுள்ளது.’ இப்படி எழுதும் கடிதங்களை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே பதவிக்காலம் என்று மொழிபெயர்க்கப்படும் டெனியூர் என்ற ஆங்கிலச் சொல், பிடித்திருத்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாற்காலியைப் பிடித்திருப்பவருக்குப் பதவிக்காலம் உண்டு. கடனுக்கு ஏது பதவி?

சரியான சொல் தவணைக்காலம். தவணை என்றால் கெடு என்றும் பொருள், பகுதி பகுதியாகக் கட்டும் தொகை என்றும் பொருள். கடனுக்கு இரண்டும் வேண்டும்.

ஃப்ளோட்டிங் வட்டியை ‘மிதக்கும் வட்டி’ என்பது இதைவிட மோசம். தமிழில் மிதப்பது மூழ்காதது. படிப்பவர் அதைப் பாதுகாப்பான வட்டி என்றே எடுத்துக்கொள்வார். சந்தை வட்டியோ மைய வங்கியின் வட்டியோ ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற செய்தி அந்தச் சொல்லில் இல்லை. மாறுவட்டி என்றால் எவருக்கும் புரியும். எதிர்ச்சொல் நிலைவட்டி. ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் நிலையாக இருந்துவிட்டுப் பிறகு மாறுவதையும் நிலைவட்டி என்றே விற்கிறார்கள். எத்தனை ஆண்டுக்கு நிலை என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்தச் சொல்லும் ஏமாற்றும்.

மாறுவட்டி ஏறும்போது பல வங்கிகள் மாதத் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுகின்றன. 30 இலட்சம் கடன், 7 விழுக்காடு, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 23,260. முதல் மாதத்தில் அதில் 17,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது மிச்சம்தான். கடன் வாங்கிய உடனே வட்டி 8 ஆனால், அதே தவணையில் கடன் முடிய 24 ஆண்டு 8 மாதம் ஆகும். 9 ஆனால் 38 ஆண்டைத் தாண்டும், ஏனென்றால் வட்டியே மாதம் 22,500. இங்கே 20 ஆண்டையே வைத்துக்கொள்ள நினைத்தால் தவணை சுமார் 26,990 ஆகும்.

வட்டி 9.5 ஆனால் மாத வட்டி 23,750. கட்டும் தவணை அதற்கே போதாது. கட்டக் கட்ட அசல் வளரும். இந்தக் கடன் எந்தக் காலத்திலும் அடையாது. அதனால்தான் கடன் வாங்கியவர் கடனை முடித்தாக வேண்டிய வயது வரம்பைக் காலம் தொட்டதும் வங்கி தவணையை உயர்த்துகிறது.

பதவிக்காலம் என்பது தொடங்கும்போதே முடிவு தெரிந்தது. மாறுவட்டிக் கடனின் காலமோ ஒவ்வொரு வட்டி மாற்றத்திலும் நகர்கிறது. ‘தவணை மாறவில்லை’ என்று வரும் கடிதத்தில் மீதித் தவணை எத்தனை என்று தேடிப் பாருங்கள். முந்தைய அறிக்கையில் இருந்ததைவிட அந்த எண் கூடியிருந்தால், வட்டி உயர்வு அங்கேதான் ஏறியிருக்கிறது.