மூன்று வீட்டுக் கீழாநெல்லி

தாவரவியல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வீட்டுத் தோட்ட மூலிகைகளைப் பதிவு செய்யத் தொடங்கிய முதல் வருடம் நாங்கள் செய்த தப்பு, பெயரைச் சொல்லிக் கேட்டது. "ஆச்சி, உங்க தோட்டத்துல கீழாநெல்லி இருக்கா?" என்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஒரே தெருவில் மூன்று வீட்டில் கேட்டோம், மூன்று வீட்டிலும் காட்டினார்கள். நோட்டில் மூன்று வரி விழுந்தது. பிள்ளைகள் இணையத்தில் தேடி, மூன்றுக்கும் நேராக 'பில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

நல்லவேளையாகச் செடிகளை அழுத்தி வைத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து அவற்றைக் கைலென்ஸில் பார்த்தபோதுதான் மூன்றும் மூன்று செடி என்று தெரிந்தது. அதில் ஒன்றுகூட நிரூரி இல்லை.

இருக்கவும் முடியாது. செடிகளுக்கு லத்தீன் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் நிரூரி என்று பெயரிட்ட செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலில் நம் ஊர்ச் செடிக்கும் அந்தப் பெயரே போனது, அதுவே பாடநூல், மருந்து லேபிள், இணையக் கட்டுரை என்று இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் அந்தப் பெயரில் புழங்குபவை பெரும்பாலும் அமாரஸ், ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்கள் என்று தாவரவியலாளர்கள் 1980களிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். இணையத்தில் பார்ப்பதென்றால் கியூ தாவரத் தோட்டத்தின் Plants of the World Online தளத்தில் `Phyllanthus niruri` என்றும் `Phyllanthus amarus` என்றும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். எது எந்தெந்த நாட்டில் இருக்கிறது என்று வரைபடத்தோடு வரும். ஐந்து நிமிட வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.

மறுவருடம் மழை முடிந்ததும் அதே வீடுகளுக்குப் போனோம். இந்தமுறை பெயரே சொல்லவில்லை. "தோட்டத்தைச் சுத்திக் காட்டுங்க ஆச்சி" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின்னால் நடந்தோம். முதல் வீட்டு ஆச்சி கிணற்றடி ஓடையோரம் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கினார். கிளையைத் திருப்பி இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய்களைக் காட்டி, ஒரு இலையை வாயில் போட்டு மென்றார். "கசக்குதா பாரு. கசக்கலைன்னா தொடாத." அமாரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே கசப்பு என்றுதான் பொருள். ஆச்சிக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பக்கத்திலேயே தண்டு சிவந்த இன்னொன்று நின்றது. இது என்ன என்றேன். "அது செவப்புக் கீழாநெல்லி. காமாலைக்கு நான் போடமாட்டேன்." இரண்டாவது வீட்டில் கீழாநெல்லி என்று காட்டியது இந்தச் சிவப்பைத்தான். மூன்றாவது வீட்டுத் தாத்தாவோ முந்தைய வருடம் காட்டிய அதே செடியைக் காட்டி, "இது மேலாநெல்லி. நீங்க கீழாநெல்லின்னு கேட்டீங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு குடுத்தேன்" என்றார். நாங்கள் பெயர் சொல்லிக் கேட்டதால்தான் அவருக்குத் தெரிந்த வித்தியாசம் எங்கள் நோட்டில் ஏறாமல் போயிருக்கிறது.

லென்ஸில் பிரித்தறிவது கஷ்டமில்லை. பூவும் காயும் உள்ள செடியாக இருக்க வேண்டும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும், அவ்வளவுதான். அமாரஸ் பூவில் புல்லிதழ் ஐந்து, ஃப்ராட்டெர்னஸில் ஆறு. அமாரஸ் காய் மழமழவென்று சிறு காம்பில் தொங்கும், விதையில் நீளவாக்கில் கோடு ஓடும். சிவப்பு, அதாவது யூரினேரியா, காய் சொரசொரப்பாகக் கிளையோடு ஒட்டினாற்போல இருக்கும், விதையில் கோடு குறுக்காக ஓடும். மேலாநெல்லிக்கு லென்ஸே வேண்டாம். மற்றவற்றில் சிறுகிளை ஒவ்வொன்றும் புளிய இலைபோல இருபக்கமும் இலை அடுக்கி நிற்கும், இதில் ஆப்பு வடிவ இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி வரும். அதன் இனப்பெயர் மதராஸ்படென்சிஸ், நம் மதராசப்பட்டினம்தான்.

செடியைப் பறித்த இடத்திலேயே நாளிதழ்த் தாளுக்குள் விரித்து வைத்து அழுத்திவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம் என்று பையில் போட்டால் கீழாநெல்லி இலை மடங்கிக்கொள்ளும், காய்ந்தபின் உதிரவும் செய்யும். முதல் நாலைந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு எண், அதே எண் நோட்டில். போட்டோ மட்டும் எடுத்துவந்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போட்டோவில் விதையைத் திருப்பிப் பார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்செடிக் காப்பகமான ஹெர்பேரியத்துக்கோ, திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ கொண்டுபோய் ஒப்பிட, கையில் செடி இருக்க வேண்டும்.

அப்புறம் பயன். ஆச்சி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறோம். எந்தப் பாகம், எதோடு அரைக்க, எத்தனை நாள், என்ன பத்தியம், யாருக்குக் கொடுக்கக் கூடாது. கட்டாயம் கேட்கும் இன்னொன்று: "நீங்க கடைசியா யாருக்குக் குடுத்தீங்க, எப்போ?" இந்தக் கேள்வியில்தான் செய்து பார்த்ததும் கேள்விப்பட்டதும் பிரியும். இன்சுலின் செடியை நீரிழிவுக்குப் பரம்பரை மருந்து என்று சொன்ன ஒருவரிடம் இதைக் கேட்டபோது, மகன் வாட்ஸப்பில் அனுப்பியது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் செடி பிரேசிலில் இருந்து வந்தது. நம் பரம்பரையில் அதற்கு இடமே இல்லை.

அளவைக் கேட்டால் 'ஒரு கைப்பிடி' என்பார்கள். ஆச்சியை மூன்று முறை பிடுங்கச் சொல்லிச் சின்னத் தராசில் வைத்தோம். 11 கிராம், 14 கிராம், 19 கிராம். நோட்டில் மூன்றையும் எழுதினோம், சராசரி போடவில்லை. ஒரே கையில் இவ்வளவு வித்தியாசம் வருவதும் ஒரு தகவல்தான்.

இனி ஒப்பிடும் வேலை. நோட்டில் நான்கு கட்டம் போடுகிறோம்: மூத்தவர் சொன்னது, செடி எது, சித்த மருத்துவ நூல் சொல்வது, ஆய்வு சொல்வது. ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொன்றுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒன்றும் கிடைக்கவில்லையா, காலியாக விட வேண்டும்.

கீழாநெல்லியில் முதல் மூன்று கட்டமும் ஒத்துப்போயின. நாலாவதுதான் சிக்கல். சென்னையில் தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமப்பவர்களுக்கு அமாரஸ் பொடியை 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் திருப்பிச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2011இல், மருந்துச் சத்தே இல்லாத வெற்றுமருந்தைவிட மேல் என்று நம்பும்படி சான்று இல்லை என்றது. நம் ஊர்க் கட்டுரைகள் பெரும்பாலும் 1988இலேயே நின்றுவிடுகின்றன.

அப்படியானால் ஆச்சி பொய் சொன்னாரா? இல்லை. அவர் கொடுத்தவர்களுக்குக் காமாலை இறங்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கிராமத்தில் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். மோரில் அரைத்துக் கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்து வரும் காமாலை அப்படி இறங்காது. உடம்பு அரிக்கும், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகும். அவர்களுக்கு வேண்டியது மருத்துவமனை. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை என்று எங்கள் பதிவின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்.

தானாக ஆறும் நோய் ஒரு பக்கம் என்றால், மெதுவாக வரும் கேடு இன்னொரு பக்கம். மேலாநெல்லி காட்டிய அதே தாத்தா வேலியோரம் ஆடுதின்னாப்பாளையைக் காட்டினார். அரிஸ்டோலோக்கியா ப்ராக்டியோலேட்டா, அடையாளத்தில் சந்தேகமே இல்லை. குடற்புழுவுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்றார், பழைய நூல்களும் புழுக்கொல்லி என்கின்றன. ஆய்வுக் கட்டத்தில்தான் இடி விழுந்தது. இந்தப் பேரினச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இது வெளிச்சத்துக்கு வந்த கதையும் பெயர்க் குழப்பம்தான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெபானியா என்ற செடி இருக்க வேண்டிய இடத்தில், சீன மொழியில் ஏறக்குறைய அதே பெயர் கொண்ட அரிஸ்டோலோக்கியா சேர்ந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கும் மேல்.

"எங்க அப்பா காலத்துல இருந்து குடிக்கிறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே தம்பி" என்றார் தாத்தா. இந்தக் கேடு குடித்த அன்றைக்குத் தெரியாது, சில வருடங்களுக்குப் பிறகுகூட வரலாம். அப்போது சிறுநீரகம் போனவருக்கு என்றைக்கோ குடித்த கஷாயம் நினைவில் இருக்குமா? அவரையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதிர்வீட்டில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை இருந்ததாம். இதுதான் காரணம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் தாத்தா சொன்ன கஷாயம் அவர் சொன்னபடியே இருக்கிறது. அடித்துத் திருத்தவில்லை. அடுத்த கட்டத்தில் சிவப்பு மையில் 'உள்ளுக்குக் கூடாது' என்று எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். "அப்ப வேலியோட இருக்கட்டும்" என்றார். சிவப்புக் கீழாநெல்லிப் பக்கத்தில் ஆச்சி ஏன் அதைக் காமாலைக்குப் போடுவதில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் இன்னும் காரணம் இல்லை. கேட்டபோது, "எங்க அம்மா போடமாட்டா" என்றார். அதையே எழுதியிருக்கிறோம்.