மக்கியாட்டோ ஆர்டர் செய்யும் முன்

கஃபேயில் காபி போடுகிற எங்களிடம் பலரும் கேட்பது, “லாட்டே, கப்புச்சினோ, ஃபிளாட் ஒயிட், இதுல எதுங்க ஸ்ட்ராங்?” என்பதுதான். மூன்றிலும் அடியில் இருப்பது ஒரே எஸ்பிரெஸ்ஸோ. டபுள் ஷாட் என்றால், 18 கிராம் தூளிலிருந்து அரை நிமிடத்துக்குள் இறங்கும் ஏறக்குறைய 36 கிராம் கெட்டிக் காபி. அதன்மேல் எவ்வளவு பால், எவ்வளவு நுரை என்பதில்தான் வித்தியாசம்.

அந்த டபுள் ஷாட்டை 150 மில்லி கோப்பையில் ஊற்றிப் பாலால் நிரப்பினால் ஃபிளாட் ஒயிட். கோப்பையில் கிட்டத்தட்ட கால் பங்கு காபி இருப்பதால் கசப்பும் மணமும் தூக்கலாகத் தெரியும். அதே ஷாட்டை 300 மில்லி கோப்பையில் ஊற்றினால் லாட்டே. காபி எட்டில் ஒரு பங்காகிவிடும், பாலின் இனிப்புதான் முன்னால் வரும். காஃபின் இரண்டிலும் ஒன்றே. அதனால் பெரிய லாட்டே வாங்கும்போது “எத்தனை ஷாட் போடுவீங்க?” என்று கேளுங்கள். பல இடங்களில் கோப்பை பெரிதானால் கூடுவது பால் மட்டும்தான்.

கப்புச்சினோவும் ஏறக்குறைய ஃபிளாட் ஒயிட் அளவுதான், ஆனால் நுரை வேறு. பாலைச் சூடாக்கும்போது ஆரம்பத்தில் நீராவிக் குழாயைப் பாலின் மேல்மட்டத்தில் பிடித்துக் காற்றை உள்ளே இழுக்கவிடுவோம். கப்புச்சினோவுக்கு அதிக நேரம், ஃபிளாட் ஒயிட்டுக்கு ஓரிரு நொடிதான். கரண்டியால் நுரையை ஒதுக்கிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டராவது தடிமன் இருந்தால் கப்புச்சினோ. மெல்லிய ஏடாக, புதுப் பெயின்ட் போல மினுங்கினால் ஃபிளாட் ஒயிட். எதுவானாலும் மேலே பெரிய பெரிய குமிழிகள் தெரிந்தால் பாலைச் சரியாக அடிக்கவில்லை என்று அர்த்தம். தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

ஏமாற்றம் அதிகம் வருவது மக்கியாட்டோவில்தான். அசல் மக்கியாட்டோ, சின்னக் கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோவும் அதன்மேல் ஒரு கரண்டி பால்நுரையும் மட்டுமே. நாலு மிடறில் முடிந்துவிடும், கசக்கும். ஸ்டார்பக்ஸ் 1996-இல் கொண்டுவந்த கேரமல் மக்கியாட்டோ வேறு வகை. வெனிலா சிரப், நிறையப் பால், மேலே எஸ்பிரெஸ்ஸோ, கேரமல் எனக் குணத்தில் அது லாட்டேக்குச் சொந்தம். அதைக் குடித்துப் பழகியவர் வேறு கடையில் வெறும் “மக்கியாட்டோ” என்று கேட்டால், வருவதைப் பார்த்து “மீதி எங்கே?” என்பார். பெரிய கோப்பையில் இனிப்பாக வேண்டுமென்றால் கேரமல் லாட்டே என்றே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சூடு. ஃபில்டர் காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் நமக்கு இவை ஆறிப்போனதாகத் தோன்றும். பாலை 60 முதல் 65 டிகிரியில் நிறுத்துவது வேண்டுமென்றே செய்வது. 70 தாண்டினால் இனிப்பு மங்கி, காய்ந்த பால் வாடை வரும், நுரையும் சீக்கிரம் உடையும். சூடு கட்டாயம் வேண்டுமென்றால் லாட்டேயில் கேளுங்கள். நுரையை நம்பி நிற்கும் கப்புச்சினோவில் வேண்டாம்.