மூணு வருஷ மெஷினையும் ஆறு வருஷ மெஷினையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்

இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை வைத்திருக்கிறார். மரவள்ளிக் கிழங்கு அரைக்க இரண்டு மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டு, "சார், சின்னதையே எடுத்துடறேன், மொத்தச் செலவு கம்மி" என்கிறார்.

சின்னது 4 லட்சம், மூன்று வருடம் உழைக்கும். கரண்ட், பிளேடு, ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடம் 1,20,000. பெரியது 7 லட்சம், ஆறு வருடம் வரும், வருடச் செலவு 90,000. அரைக்கும் அளவு இரண்டிலும் ஒன்றே. பேங்க் வட்டி 12 சதவீதம் என்று வைத்து அவருடைய கணக்குப்பிள்ளை எல்லாச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்திருந்தார்: சின்னது 6.88 லட்சம், பெரியது 10.70 லட்சம். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அந்த 6.88 லட்சம் மூன்று வருடத்துக்கு மட்டும்தானே ஐயா! நாலாவது வருடம் கிழங்கை யார் அரைப்பது? மறுபடி ஒரு மெஷின் வாங்க வேண்டாமா? மூன்று மாத வாடகையையும் ஆறு மாத வாடகையையும் பக்கத்தில் வைத்து "இந்த வீடு மலிவு" என்று சொல்வீர்களா? மாத வாடகை எவ்வளவு என்றுதானே கேட்பீர்கள்.

மெஷினுக்கும் வருட வாடகை போடுங்கள். விலையை வட்டியோடு அதன் ஆயுளுக்குள் சமத் தவணையாகப் பிரிக்க எக்செல் போதும்:

```
=PMT(12%,3,-400000)
=PMT(12%,6,-700000)
```

முதலாவது 1,66,540, இரண்டாவது 1,70,258. வருடச் செலவைக் கூட்டினால் சின்னது 2,86,540, பெரியது 2,60,258. வருடத்துக்கு இருபத்தாறாயிரம் மிச்சம் பெரியதில்.

விலையை வருடத்தால் வகுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அதில் வட்டி காணாமல் போய், பெரிய மெஷின் இருப்பதைவிட மலிவாகத் தெரியும். வட்டிதான் இங்கே முடிவையே மாற்றும். பேங்கில் கிடைக்காமல் இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது 24 சதவீதத்துக்கு, வெளியில் வாங்கினால் இரண்டு மெஷினும் ஏறக்குறைய 3,21,800-இல் வந்து நிற்கும். மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். மூன்று வருடம் கழித்தும் அதே மெஷின் அதே விலைக்குக் கிடைக்கும், ஆலையும் ஓடும் என்று நம்பித்தான் இந்தக் கணக்கே நிற்கிறது. விலை ஏறும் என்றால் பெரியதற்கு இன்னும் சாதகம். ஆலை ஓடாது என்றால்?

கிளம்பும்போதுதான் அவர் சொன்னார், இடம் குத்தகை, இன்னும் மூன்றே வருடம், அப்புறம் ஆலையை மூடிவிடுவாராம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அப்படியானால் வருட வாடகைக் கணக்கே வேண்டாம், மூன்று வருடச் செலவை மட்டும் நேருக்கு நேர் வைத்தால் போதும். 12 சதவீதத்தில், பெரிய மெஷின் மூன்று வருடம் கழித்து 3.2 லட்சத்துக்கு மேல் விலை போனால்தான் அதை எடுப்பதில் லாபம். பழைய மெஷின் வியாபாரியிடம் விலை விசாரிக்கப் போயிருக்கிறார்.