முட்டையும் நிலக்கடலையும் இல்லாமல் 104 கிராம் புரதம்

என் அக்கா மகனுக்கு 22 வயது, எடை 65 கிலோ. மதுரையில் வேலை பார்த்துக்கொண்டே ஜிம்முக்குப் போகிறான். சேர்ந்த முதல் வாரமே பயிற்சியாளர் ஒரு சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார். காலையில் ஆறு முட்டை வெள்ளைக்கரு, மாலையில் பீநட் பட்டர் தடவிய ரொட்டி, நடுவில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 40 கிராம் புரதம். அவனுக்கோ சிறு வயதிலிருந்தே முட்டை, நிலக்கடலை இரண்டுமே ஆகாது. "மாமா, இதை எடுத்துவிட்டால் பட்டியலில் மிச்சமே இல்லையே" என்றான்.

நிறைய இருக்கிறது. அதற்கு முதலில் புரதத்தை நம் உடல் இரண்டு விதமாகப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சரம். அது மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுத்திருக்கும். குடல் அந்தச் சரத்தை வெட்டி, மணிகளைத் தனித்தனியாக உதிர்த்துத் தசைக்கு அனுப்புகிறது. அந்த மணி முட்டையிலிருந்து வந்ததா, உளுந்திலிருந்து வந்ததா என்பது தசைக்குத் தெரியாது. ஒவ்வாமை உள்ளவரின் நோயெதிர்ப்பு மண்டலம் பார்ப்பதோ மணியை அல்ல, சரத்தின் உருவத்தை. அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியை அடையாளம் வைத்திருக்கும் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்பொருள்கள், தோலிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் காத்திருக்கின்றன. அந்த உருவம் வந்து ஒட்டியதும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் அதன் பிறகுதான்.

அதனால் முழுதாக உதிர்ந்துபோகும் புரதத்தால் பெரிய தொல்லை இல்லை. வெட்டுப்படாமல் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் புரதம்தான் ஆபத்து. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அது சூட்டில் பிரிந்து உருக்குலைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஓவோமியூகாய்டு அப்படியல்ல. கொதிக்க வைத்தாலும் பெரும்பாலும் தாங்கும், குடலின் செரிமான நொதியையும் எளிதில் கிட்டே விடாது. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர், நன்றாக வெந்த கேக்கைச் சாப்பிட முடிந்தும் ஆம்லெட்டைத் தொட முடியாமல் இருப்பதற்கு, ஓவால்புமின் நீண்ட நேரச் சூட்டில் உருக்குலைவதே காரணம். ஓவோமியூகாய்டுக்கு எதிராக எதிர்பொருள் அதிகம் இருப்பவர்களுக்குக் கேக்கும் ஆகாமல் போகலாம். இவர்களில் தான் எந்த வகை என்பதை ஒருவர் வீட்டில் கேக் தின்று சோதித்துப் பார்க்கக் கூடாது. அதை ஒவ்வாமை மருத்துவரின் முன்னால்தான் செய்ய வேண்டும்.

நிலக்கடலையில் அந்த முரட்டுப் புரதத்தின் பெயர் அரா எச் 2. உள்ளே கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டிய சிறிய முடிச்சு அது. வறுத்தால் அடங்காது. அதனால் "நல்லா வறுத்ததுதான், சாப்பிடு" என்பது தவறான ஆறுதல்.

சரி, இனி கணக்குக்கு வருவோம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரை. எடை தூக்கித் தசை வளர்ப்பவர்களுக்கு 1.6 கிராம் என்பது நல்ல இலக்கு. 65 கிலோவுக்கு 104 கிராம். அவன் வீட்டில் அசைவம் வாரம் இரண்டு நாள்தான், ஆகவே சைவ நாளுக்கே கணக்குப் போட்டேன்.

காலையில் அடை. துவரை, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு சேர்த்து 60 கிராம், அரிசி 30 கிராம். இதில் 16 கிராம் புரதம், கூடவே 300 மில்லி பாலில் 10. மதியம் 100 கிராம் அரிசிச் சோற்றில் 7, பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பாரில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 5, 40 கிராம் மீல் மேக்கர் வறுவலில் 20. ஆக, மதியம் மட்டும் 39. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 8. இரவில் மூன்று சப்பாத்தியில் 10, 80 கிராம் பனீரில் 15. இதுவரை 98 ஆகிவிட்டது. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தால் 104. பவுடரே தேவைப்படவில்லை. அசைவ நாளில் மீல் மேக்கருக்குப் பதில் 150 கிராம் கோழிக்கறி போட்டால் 30 கிராமுக்கு மேல் வந்துவிடும். முட்டை ஆகாதவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கோழிக்கறி ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் தொல்லை தரும் வெள்ளைக்கருப் புரதங்கள் கறியில் இல்லை.

இதில் எனக்கு யோசனையாக இருந்தது மீல் மேக்கரும் சுண்டலும்தான். நிலக்கடலை உண்மையில் கொட்டை வகை இல்லை, அவரைக் குடும்பம். சோயாவும் கொண்டைக்கடலையும் அதன் உறவினர்கள். ரத்தப் பரிசோதனையில் மூன்றுமே 'பாசிட்டிவ்' என்று வருவது சகஜம், ஆனால் நிலக்கடலை ஆகாதவர்களில் மற்ற பருப்புகளுக்கும் உண்மையில் எதிர்வினை வருவது சிலருக்குத்தான். ஏற்கெனவே சாம்பாரும் சுண்டலும் நிம்மதியாகச் சாப்பிட்டு வருபவர், பரிசோதனைத் தாளைப் பார்த்து அவற்றை நிறுத்தினால் புரதத்தைத்தான் இழக்கிறார். அவன் மீல் மேக்கர், சுண்டல் இரண்டையும் சிறு வயதிலிருந்தே தின்கிறான், அதனால் விட்டுவைத்தேன். பட்டாணிப் புரதப் பவுடரை மட்டும் வேண்டாம் என்றேன். ஒரு கரண்டியில் அவ்வளவு செறிவாகப் பருப்புப் புரதம் போவது அவன் உடலுக்குப் புதிது.

வீட்டுச் சாப்பாட்டில் வருவதை விட வெளியே வருவதுதான் சிக்கல். பரோட்டா மாவில் பல கடைகளில் முட்டை ஊற்றிப் பிசைகிறார்கள். சிக்கன் 65 மாவிலும் அதே கதைதான். "சட்னியில் கடலை இருக்கா?" என்று கேட்டால், பொட்டுக்கடலையை நினைத்து "ஆமா" என்பவரும் உண்டு, நிலக்கடலை அரைத்திருந்தும் "இல்லை" என்பவரும் உண்டு. "வேர்க்கடலை, நிலக்கடலை" என்று இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும். எண்ணெயிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. மரச்செக்கில் ஆட்டியதில் இருக்கும். நல்லதென்று நாம் தேடி வாங்கும் செக்கு எண்ணெய் இவனுக்கு மட்டும் ஆகாது.

பவுடர் வாங்கத்தான் வேண்டுமென்றால் வே புரதம் பாலிலிருந்து வருவது, அவனுக்குச் சரிதான். ஆனால் லேபிளில் 'ஆல்புமின்' என்று இருந்தால் அது பெரும்பாலும் முட்டை. முட்டை, நிலக்கடலை, மரக்கொட்டை வகைகள் சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. ஜிம்மில் பொதுவாக வைத்திருக்கும் மிக்ஸி ஜாருக்கு லேபிள் கிடையாது. முந்தைய ஆள் அதில் பீநட் பட்டர் அடித்திருப்பார், எனவே சொந்தக் குலுக்குக் குடுவைதான் ஒரே வழி.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பெரியவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சி செய்த நாளிலும் தூக்கம் கெட்ட நாளிலும் எதிர்வினையைத் தூண்டத் தேவையான கடலையின் அளவு சராசரியாக 45 சதவீதம் குறைந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாத துணுக்கு, எடை தூக்கிய நாளில் மூச்சை அடைக்கலாம். அதனால் புதுக் கடையின் பார், புது பிராண்ட் பவுடர் எதையும் அவன் பயிற்சிக்குப் பிறகு முதல் முறையாகச் சாப்பிடுவதில்லை, விடுமுறை நாளில் வீட்டில் ஆள் இருக்கும்போதுதான். குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றிச் சாய்வது இதில் ஒன்று வந்தாலே, அல்லது உதடு வீக்கத்தோடு திரும்பத் திரும்ப வாந்தி சேர்ந்து வந்தாலும் அலர்ஜி மாத்திரையைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது, தொடையில் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசி அவன் ஜிம் பையில் துண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது எந்தப் பக்க ஜிப்பில் இருக்கிறது என்று பயிற்சியாளருக்கும் காட்டி வைத்திருக்கிறான்.