மருந்தைக் கெடுத்தது வெயில் இல்லை, ஐஸ்

இரவு ஏழே முக்காலுக்கு ஒரு போன்.

"சிஸ்டர், காலையில இருந்து கரண்ட் இல்ல. அவரு ஊசிப் பேனாவ ஐஸ் வச்சு ஃபிளாஸ்க்ல போட்டு வச்சாரு. மத்தியானம் பார்த்தப்ப உள்ள மருந்து கட்டியா இருந்துச்சு. இப்பக் கரைஞ்சு தெளிவாயிருச்சு. போட்டுக்கலாமா?"

போடக் கூடாது. மதுரைப் பக்கம் ஒரு கருத்தரிப்பு மையத்தில் செவிலியராக இருக்கிறேன். வீட்டிலேயே போட்டுக்கொள்ள, பேனா வடிவில் மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனாவைக் கொடுத்து அனுப்பும்போது, வெயில் படாமல் வையுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். ஆனால் என் அனுபவத்தில் வெயிலால் வீணான பேனாக்களைவிட உறைந்து வீணானவையே அதிகம். அந்த வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன் செய்த பெண்ணுக்கு எழுதியிருந்தது தினமும் இரவு எட்டு மணிக்கு 225 யூனிட் எஃப்எஸ்எச், கருமுட்டை வளரும் முட்டைப்பைகளை வளர்க்கும் ஹார்மோன். கொடுத்தது 900 யூனிட் பேனா, அதாவது நான்கு நாளைக்கு. இரண்டு நாள் போட்டாயிற்று, மீதி 450. மூன்றாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக 9 மணி முதல் 5 மணி வரை மின்தடை என்று முந்தைய நாளே அறிவித்திருந்தார்கள். கணவர் பொறுப்பானவர். 9 மணிக்குக் கரண்ட் போனதும் பேனாவை எடுத்து, ஃப்ரீசரில் கல்லாக இருந்த இரண்டு ஐஸ் பேக்குக்கு நடுவில் வைத்து மூடிவிட்டார். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக் பூஜ்ஜியத்துக்கும் பல டிகிரி கீழே இருக்கும். பேனாவுக்குள் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர்தான். உறையாமல் என்ன செய்யும்?

எஃப்எஸ்எச் ஒரு புரதம். மடிந்து சுருண்ட அதன் வடிவத்தில்தான் வேலையே இருக்கிறது. உறையும்போது அந்த வடிவம் குலைந்து, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். கரைந்த பிறகு பார்த்தால் பழையபடி தெளிவாகவே தெரியும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தெரியாமல் போட்டிருந்தால், சில நாள் கழித்து ஸ்கேனில் முட்டைப்பைகள் எதிர்பார்த்த அளவு வளராமல் நின்றிருக்கும். அப்போது மருந்தின் அளவைக் கூட்டலாமா என்றுதான் யோசிப்போமே தவிர, பேனா உறைந்ததா என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது.

கணவர் வண்டியில் வந்து புதுப் பேனா வாங்கிப் போனார். ஊசி போடும்போது மணி பத்து. எஃப்எஸ்எச் ஊசி இரண்டு மணி நேரம் தள்ளிப்போனதால் ஒன்றும் ஆகாது. 450 யூனிட்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சரி, 9 மணிக்கு அவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்திருக்கக் கூடாது. திறக்காமல் விட்ட ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். உள்ளே நான்கைந்து தண்ணீர் பாட்டில் நிரப்பி வைத்திருந்தால் இன்னும் நல்லது. பால் எடுக்க, மோர் எடுக்க என்று பத்து முறை திறந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மின்தடை அன்று ஃப்ரிட்ஜ் கதவில் செலோ டேப் ஒட்டிவிடுங்கள் என்று சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் ஒட்டிவிடுவார்கள்.

மதியம் ஒரு மணிக்கு மேல்தான் ஐஸ் பேக் வேலை. அதிலும் எடுத்தவுடன் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். தடுப்பூசி எடுத்துப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஐஸ் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதைத் துண்டில் சுற்றி ஹாட்பாக்ஸின் அடியில் வைத்து, மேலே இன்னொரு மடிப்புத் துணி போட்டு, அதன்மேல் பேனாவை அட்டைப்பெட்டியோடு வைக்க வேண்டும். பேனா ஐஸைத் தொடவே கூடாது. வயர் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அதன் முனையைப் பேனா அருகில் வைத்தால் திறக்காமலே பார்க்கலாம். 2 முதல் 8 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. கொஞ்சம் கூடிப்போய் 15 ஆனாலும் பயமில்லை. 2-க்குக் கீழே இறங்கினால் உடனே மூடியைத் திறந்துவிடுங்கள்.

மருந்துத் தாளைப் படிப்பவர்கள், "அறை வெப்பத்திலேயே வைக்கலாம்னு போட்டிருக்கே சிஸ்டர்" என்பார்கள். போட்டிருப்பது உண்மை. பல எஃப்எஸ்எச் பேனாக்களை, திறந்த பிறகு 28 நாள் வரை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் அறை 25 டிகிரி அறை. சித்திரை மாதத்தில் நம் வீட்டு அறை ராத்திரியிலேயே முப்பதைத் தாண்டுகிறது. தாளில் உள்ள அந்த வரி ஏசி ஓடும் அறைக்குத்தான். அதற்காக, கரண்ட் இல்லாமல் சில மணி நேரம் சூடாகிவிட்ட பேனாவை நீங்களாகவே குப்பையில் போட வேண்டாம், நீங்களாகவே போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கரண்ட் போன நேரம், வந்த நேரம், தெர்மாமீட்டரில் பார்த்த அளவு மூன்றையும் குறித்துவைத்து, கூப்பிட்டுக் கேளுங்கள்.

கரண்ட் இருக்கும்போதும் உறையும். ஒரு மருமகள் மாமியார் கண்ணில் படக் கூடாது என்று பேனாவை இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் பின்சுவரும் ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டும்தான் உறையும் இடங்கள். கதவு ரேக் அதற்கு நேர்மாறு, திறக்கும்போதெல்லாம் சூடாகும். நடுத்தட்டில் முன்பக்கமாக, மூடி போட்ட டப்பாவில் வைப்பதே சரி. வெளியே தெரியாத எவர்சில்வர் சம்படமாக இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். யாருக்குச் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பது அவர் விருப்பம்.

இருட்டில் ஊசி போடுவதில் வேறொரு சிக்கல் உண்டு. பேனாவின் சின்ன சன்னலில் தெரியும் எண்ணைத் தவறாகப் படித்துவிடுவது. வேறொரு பெண் ஒரு நாள் இரவு 225 வைத்து அழுத்தியபோது, எண் 150-இல் நின்றுவிட்டது. "150 போயிருச்சு சிஸ்டர்" என்றார். அது போன அளவில்லை, இன்னும் போக வேண்டிய அளவு. போனது 75 மட்டும்தான், பேனா தீர்ந்துவிட்டது. முந்தைய நாள்களில் ஒரு தடவை கூடுதலாகத் திருகி அழுத்தியிருக்கிறார். மீதி 150-ஐப் புதுப் பேனாவில் புது ஊசி மாட்டிப் போடச் சொன்னோம். முழு அளவும் போய்விட்டால் சன்னலில் 0 வரும். 0 வந்த பிறகும் பொத்தானை விடாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணி, அழுத்தியபடியே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் ஊசிமுனையில் சொட்டுச் சொட்டாக மருந்து நிற்கும். போட்டதும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே ஃப்ரிட்ஜில் வைத்தால் மருந்து கசியும், காற்றும் உள்ளே போகும்.

கரண்ட் போகிறது என்பதற்காக நேரத்தை மாற்றவே கூடாத ஊசி ஒன்றுதான், முட்டை முதிர்வதற்காகப் போடும் கடைசி ட்ரிகர் ஊசி. திங்கள் காலை 9 மணிக்கு முட்டை எடுப்பதென்றால் சனி இரவு 10 மணிக்கு ட்ரிகர், சரியாக 35 மணி நேரம். ஒரு மணி நேரம் தாமதமானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தியேட்டர் நேரத்தைத் தள்ளிவைத்துக்கொள்வோம். சனி மாலையே எமர்ஜென்சி லைட்டைச் சார்ஜில் போட்டு, ஒன்பதே முக்காலுக்கு மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவையுங்கள். கால் மணி நேரத்தில் குளிர் விட்டுவிடும், போடும்போது எரிச்சலும் குறையும்.