கோதுமையைக் கறுக்க வறுத்தாலும் அது காபி ஆகாதது ஏன்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போயிருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் காபி கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். நாலு மணி டம்ளரை விட மனசில்லாமல், கோதுமையைக் காபிக்கொட்டை நிறத்துக்கு வறுத்து, அரைத்து, பில்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். "ஒரு மணி நேரமாகியும் டிகாக்‌ஷன் இறங்கவில்லை சார். அப்புறம் கொதிக்கவைத்து வடிகட்டினேன். நிறம் காபி, வாசனை தீய்ந்த சப்பாத்தி. எங்கே தப்பு செய்தேன்?"

தப்பு எதுவும் செய்யவில்லை அம்மா. கோதுமையிடம் இல்லாததை அதனிடம் கேட்டீர்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் 'காபி' என்ற சொல் தாராளமாகப் புழங்குவது. சாயங்காலம் சில்வர் பீச்சில் குடிக்கிற சுக்கு காபியில் ஒரு காபிக்கொட்டைகூடக் கிடையாது. சுக்கும் மல்லி விதையும் கருப்பட்டியும் சேர்ந்த கஷாயம் அது, நல்ல கஷாயம். யாரும் அதைக் காபியோடு ஒப்பிட்டு ஏமாறுவதில்லை. தானியத்தை வறுத்துக் காபியின் இடத்தில் வைக்கும்போதுதான் நாக்கு கணக்குக் கேட்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே பாடு வந்தது. 1806-இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டதில் காபி வரத்து குறைய, சிக்கரி வேரை வறுத்துக் குடித்தார்கள். ஜெர்மானியர்கள் பார்லியை முளைகட்டி வறுத்தார்கள். அந்த 'முளைகட்டி'யில்தான் விஷயம் இருக்கிறது.

வறுபடும் பொருள் பழுப்பாவதற்கு முக்கியக் காரணம், சர்க்கரையும் புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்வது. 1912-இல் இதை விவரித்தவர் லூயி கமிய் மெய்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் கேட்டால் 'மயார்' என்று திருத்துவார்கள். தோசையின் முறுகல், வறுகடலையின் மணம், காபியின் கறுப்பு, எல்லாமே இந்த வினையின் பிள்ளைகள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிக்கல் உண்டு. எந்தச் சர்க்கரையும் இந்த வினைக்கு வந்துவிடாது. அதன் ஒரு முனை சும்மா இருக்கவேண்டும். அமினோ அமிலம் வந்து பிடித்துக்கொள்ள ஒரு கை நீட்டியிருக்கவேண்டும். கோதுமையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கைகோத்து நிற்கும் வரிசை. தேர்வடம் பிடித்து நிற்கும் கூட்டத்தைப் போல அத்தனை பேர் கையும் வேலையில் இருக்கிறது. கடைசியில் நிற்கிற ஒருவரின் கை மட்டும்தான் சும்மா. சட்டி நிறையச் சர்க்கரை இருந்தும் வினைக்கு வரக்கூடியது சொற்பம். நீங்கள் சூட்டை ஏற்றுகிறீர்கள். வரிசை பிரிவதற்குள் மேல்தோல் கரிந்துவிடுகிறது. தீய்ந்த சப்பாத்தி வாசனை வந்த வழி இதுதான்.

விதை முளைக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இளங்குருத்துக்குச் சாப்பாடு வேண்டும். அதற்காக அமைலேஸ் என்ற நொதியை விதை அனுப்புகிறது. அது வடத்தை இங்கும் அங்குமாக வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு புதிய கை விடுபடுகிறது. இரண்டிரண்டு குளுக்கோஸாக மால்ட்டோஸ் என்ற சர்க்கரை குவிகிறது. இன்னொரு பக்கம் வேறு நொதிகள் புரதத்தை வெட்டி அமினோ அமிலங்களை விடுவிக்கின்றன. வினைக்கு வேண்டிய இரண்டு பேரும் தயார். செடிக்காகச் சமைத்த சாப்பாட்டை நாம் குறுக்கே புகுந்து வறுத்துவிடுகிறோம்.

இதை அடுப்பில் பார்த்துவிடலாம் என்று நானும் உட்கார்ந்தேன். கோதுமை இருநூறு கிராம். பாதியைப் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வேர் அரிசி நீளத்துக்கு எட்டிப்பார்த்ததும் அவிழ்த்து, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். கடலூர் கடற்காற்றில் இப்படிக் காயவைப்பதுதான் கஷ்டம். முதல் தடவை மேகமூட்டத்தில் பூசண வாடை வந்துவிட்டது, கொட்டிவிட்டேன். அந்த வாடை வந்ததை வறுத்துச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவேண்டாம். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைகிற பக்குவம் வரவேண்டும்.

இரண்டையும் ஒரே இரும்புச் சட்டியில், ஒரே சிறு தீயில், தனித்தனியாக வறுத்தேன். முளைகட்டியது சட்டென்று நிறம் மாறியது. சாதா கோதுமை பொன்னிறத்துக்கு வந்த நேரத்தில் இது கருப்பட்டி நிறத்தைத் தொட்டிருந்தது. சாதாக் கோதுமையை அதே கறுப்புக்குக் கொண்டுபோக முயன்றபோது நீலப் புகை கிளம்பியது. புகை நீலமாகத் தெரிந்தால் கரி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே இறக்கித் தாம்பாளத்தில் கொட்டிவிடவேண்டும். சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூடு மிச்சத்தையும் தீய்த்துவிடும்.

பில்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் பட்டால் மாவுச்சத்து ஊதிப் பசையாகும். நைசாக அரைத்த கோதுமையைப் பில்டரில் போட்டால் ஓட்டைகளில் கூழ் காய்ச்சியதாகத்தான் ஆகும். ஒன்றிரண்டாக உடைத்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, தெளியவைத்து வடிகட்டுங்கள். ஜப்பானில் பார்லித் தேநீருக்கு முழுத் தானியத்தையே போடுவார்கள். பசை பிரச்சினையே இல்லை.

சரி, ருசி? முளைகட்டிய கோதுமையில் வாய் நிறையும் அடர்த்தி இருந்தது, இனிப்பின் சாயல் இருந்தது, பால் விட்டதும் அப்படியே ஹார்லிக்ஸ் வாசனை. அதுவும் முளைகட்டிய பார்லியின் வழி வந்ததுதானே. ஆனால் காபி? இல்லை. இரண்டு குறைகள் மிஞ்சின.

முதல் குறை கசப்பு. காபியின் கசப்புக்குக் காபீன் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மொத்தக் கசப்பில் அதன் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான்; காபீன் நீக்கிய காபியும் கசக்கிறதே. பெரிய பங்கு குளோரோஜெனிக் அமிலங்களுடையது. பச்சைக் காபிக்கொட்டையின் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம்வரை இவைதான். மிதமாக வறுத்தால் இவை லாக்டோன்களாக மாறி இதமாகக் கசக்கும். இன்னும் கறுக்க வறுத்தால் ஃபீனைல் இண்டேன்கள் என்ற உறைப்பான கசப்புப் பொருள்களாகும். கோதுமையில் இந்த மூலப்பொருள் அந்த அளவில் கிடையாது. எத்தனை வறுத்தாலும் கரியின் கசப்பு வருமே தவிர காபிக் கசப்பு வராது. காபி பாலோடு மல்லுக்கட்டி நிற்கிறது, கோதுமை பாலில் கரைந்து காணாமல் போகிறது என்பதற்கும் இதுவே பெரும் காரணம். தானியக் காபியைப் பால் குறைத்துக் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது குறை மணம். ரொட்டியின் மேல்தோலுக்கும் பாஸ்மதி வேகும்போது எழும் வாசனைக்கும் பொதுவான ஒரு மூலக்கூறு உண்டு. புரோலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அது பிறக்கிறது; கோதுமைப் புரதத்தில் புரோலின் மண்டிக் கிடக்கிறது. காபியின் மணத்தில் முன்னால் நிற்பது வேறு ஆள்: கந்தகம் கலந்த ஃபர்ஃபுரைல் தயோல். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் கலந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நம் தெருவுக்கு வரும் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் எட்டு லாரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே கெட்டியாக முகர்ந்தால் நாற்றம் தாங்காது. ஸ்டாடிங்கரும் ரெய்க்ஸ்டைனும் சுவிட்சர்லாந்தில் காபி மணத்தைப் பிரித்து 1926-இல் காப்புரிமை பெற்றார்கள். பின்னாளில் வேறு வேலைகளுக்காக இருவரும் நோபல் வாங்கினார்கள். காபி மணத்தை ஆராயப் பணம் கொடுக்க அப்போதே ஆள் இருந்தது. வறுத்த கேழ்வரகின் மணத்துக்கு நம்மிடம் அதில் ஒரு பங்கு அக்கறை இருந்தாலும் போதும் என்பது என் ஆதங்கம். அந்த இடத்தை 'ஈரலைக் கழுவும் மூலிகைக் காபி' பாக்கெட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஈரல் கழுவிக் காயப்போடும் பாத்திரம் இல்லை.

இந்தத் தயோல் காபிக்கு மட்டும் சொந்தமில்லை. மிதமாக வறுத்த எள்ளிலும் இதுதான் முக்கிய மணங்களில் ஒன்று. இட்லிப்பொடிக்கு எள் வறுக்கும்போது, படபடவென்று வெடித்து அடங்கியதும் ஒரு நொடி காபிக்கடை வாசலில் நிற்பதுபோல இருக்குமே, அது பிரமை இல்லை. வறுத்த முளைக்கோதுமை பத்துத் தேக்கரண்டிக்கு ஒரு தேக்கரண்டி வறுத்த எள் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் அத்தை முகர்ந்துவிட்டு, "இது என்னடா, சிக்கரி தூக்கலா இருக்கு" என்றார். ஒரு துளி காபி இல்லாததற்கு அந்தக் குறையே எனக்குச் சான்றிதழ். தயோல் நிலையில்லாதது, காபியைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் மணம் போவதில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் போட்ட கையோடு குடித்துவிடவேண்டும்.

வாசகி கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. காபியை ஒரேயடியாக நிறுத்திக் கோதுமைக்கு மாறிய மறுநாள் மண்டை பிளந்ததாம். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகம். கோதுமைமேல் பழி வேண்டாம். தினமும் காபீன் பழகிய உடம்பில் அது நின்ற பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். காபித்தூளில் கால் பங்கு, அப்புறம் அரைப் பங்கு என்று வாரம் ஒருமுறை தானியப் பொடியை ஏற்றிக்கொண்டே போனால் வலி தெரியாமல் மாறலாம். காபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், முதலில் மாற்றவேண்டியது அந்த நாலு மணி டம்ளரைத்தான். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதே முறையில் கேழ்வரகை முளைகட்டி வறுக்கலாம். வேர் வர இன்னும் அரை நாள் கூடப் பிடிக்கும், நிறம் நன்றாகவே வரும்.

எள் கலந்த பொடியை மட்டும் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். எண்ணெய் விட்டு மிக்ஸியில் ஒட்டும், பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும். கோதுமைப் பொடி டப்பாவில் இருக்கட்டும். எள்ளை அன்றன்றைக்கு வறுத்து, விரலால் நசுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.