ஃப்ரீசரில் வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாசனை ஏன்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர். அலுவலகத்தில் இரண்டு வேளை பம்ப் செய்து, வீட்டு ஃப்ரீசரில் பன்னிரண்டு பாக்கெட் சேர்த்து வைத்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுத்து உருக்கினால் துணி சோப்பு மாதிரி வாசனை. "கெட்டுப்போச்சு, கொட்டிடு" என்றாராம் மாமியார். ஆறு பாக்கெட் சாக்கடைக்குப் போய்விட்டது. மீதி ஆறையும் கொட்டவா என்று கேட்கிறார்.

கொட்ட வேண்டாம். அந்த வாசனை எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று போர்வை. உள்ளே இருப்பது பள்ளியில் படித்த டிரைகிளிசரைடுதான்: ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். பிறந்த குழந்தையின் கணையம் இதை வெட்டப் போதுமான லைபேஸ் நொதியை இன்னும் சுரப்பதில்லை. அதனால் கத்தரிக்கோலையும் பாலிலேயே போட்டு அனுப்பிவிடுகிறது தாயின் உடம்பு. தாய்ப்பாலில் இருக்கும் ஒரு வகை லைபேஸ், பித்த உப்பு பட்டால்தான் முழுசாக விழித்துக்கொள்ளும். மார்பில் தூங்கும், புட்டியில் தூங்கும், குழந்தையின் வயிற்று அமிலத்தையும் தாண்டிக் குடலுக்குப் போய், அங்கே பித்தநீர் பட்டதும் வேலையைத் தொடங்கும். சமையல் குறிப்போடு அடுப்பையும் சேர்த்து அனுப்பியது போல. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் பாலில் வேறொரு லைபேஸும் உண்டு. அதற்குப் பித்தம் தேவையில்லை. எடுத்து வைத்த பாலில் அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும். குளிரில் அதன் வேகம் குறையும், நிற்காது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில்கூட மெதுவாக ஓடும். போதாததற்கு, பால் உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் உருண்டைகளின் சவ்வைக் கிழித்து, உள்ளே இருக்கும் கொழுப்பைக் கத்தரிக்கோலுக்கு எட்டும்படி வெளியே தள்ளிவிடுகின்றன. மைனஸ் 70 டிகிரிக்குப் போனால்தான் இது அடங்கும். அது ஆய்வகப் பெட்டி, நம் வீட்டில் கிடையாது.

வெட்டப்பட்டு வெளியே வரும் அமிலங்களில் ஒன்று லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் சோப்பு காய்ச்சினால் அந்தச் சோப்பில் பெரும்பகுதி இந்த லாரிக் அமிலத்தின் உப்புதான். ஆக, மூக்கு பொய் சொல்லவில்லை, சோப்பின் உறவுக்காரர்தான் அங்கே இருக்கிறார். இன்னொன்று: இப்படி விடுபட்ட அமிலங்கள் பல கிருமிகளின் உறையைக் குலைக்கும். வாசனையைப் பார்த்துக் கெட்டுப்போனது என்கிறோம், அதே அமிலங்கள்தான் பால் கெடாமல் இருக்கவும் உதவுகின்றன. சில தாய்மாரின் பாலில் இந்த நொதியின் வேலை வேகமாக நடக்கும், சிலரிடம் வாசனையே தெரியாது.

அப்படியானால் நிஜமாகவே கெட்ட பாலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் மேலே ஆடை போலக் கொழுப்பு பிரிந்து நிற்கும். புட்டியை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். எவ்வளவு சுழற்றியும் கலக்காமல் கட்டி கட்டியாக நின்று, புளித்த தயிர் வாடையும் அடித்தால் அது கெட்ட பால்.

குழந்தை சோப்பு வாசனைப் பாலைக் குடிக்க மறுத்தால், இனி எடுக்கும் பாலை ஃப்ரீசரில் வைப்பதற்கு முன்பே, ஓரத்தில் பொடிக் குமிழி வரும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, உடனே குளிர்வித்து உறைய வைக்கலாம். லைபேஸ் செத்துவிடும். கூடவே நோயெதிர்ப்புப் புரதங்கள் பலவும் போய்விடும் என்பதால், வேறு வழி இல்லாதபோது மட்டும். ஏற்கெனவே வாசனை வந்த பாலைச் சூடாக்கிப் பயனில்லை. அதைப் புதுப்பாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பார்க்கலாம்.

சரி, எங்கே எவ்வளவு நேரம் வைக்கலாம்? "அறை வெப்பநிலையில் 4 மணி நேரம்" என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அந்த அறை யாருடைய அறை என்பதுதான் என் கேள்வி. 1996-இல் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மார்கிட் ஹமோஷ் குழுவினர் பாலை 15, 25, 38 டிகிரிகளில் வைத்துச் சோதித்தார்கள். 15-இல் ஒரு நாள் தாங்கியது, 25-இல் 4 மணி நேரம். 38-இல் வைக்கவே வேண்டாம் என்றார்கள். மே மாதத் திருப்பூரில் மதிய நேரத்து வீட்டுக்குள் இருப்பது 25 அல்ல. ஏசி அறையானால் 4 மணி நேரம் சரி. வெயில் காலத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும் என்பது என் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு, நம் ஊர் வீடுகளில் அளந்து ஒரு கணக்குப் போடப் பணம் ஒதுக்கினால் என்ன? ராக்கெட்டுக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும்.

நம் வாசகியின் ஒரு நாளையே எடுத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் எடுக்கும் பால், உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்காப்புப் பையில் போகிறது. அதில் 24 மணி நேரம் வரை தாங்கும், மாலை 7 மணிக்கு வீடு சேர்வது பிரச்சினையே இல்லை. வீட்டில் 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 4 நாள் இருக்கலாம். கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. உள்ளே, பின்சுவர் ஓரமாக வையுங்கள். 4 நாளில் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே ஃப்ரீசருக்கு, 60 மில்லி பாக்கெட்டுகளாக, மேலே கொஞ்சம் இடம் விட்டு. உறையும்போது பால் உப்பும்.

தனி ஃப்ரீசர் கதவும் மைனஸ் 18 டிகிரியும் இருந்தால் 6 மாதம் நல்லது, 12 மாதம் வரை பரவாயில்லை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் ஐஸ் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் இரண்டு வாரம்தான். வாசகியின் வீட்டில் இருப்பது இரட்டைக் கதவு, அதனால் மீதி ஆறும் தப்பித்தன.

இதெல்லாம் நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு. குறைமாதக் குழந்தைக்கும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கும் அங்கே சொல்லும் கடுமையான கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

உருக்குவதற்கு, முதல் நாள் இரவு பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுவதே உத்தமம். கடைசிப் பனித்துணுக்கும் கரைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அவசரமானால் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பாக்கெட்டை மிதக்க விடுங்கள். மைக்ரோவேவில் மேலே ஆறியும் நடுவில் கொதித்தும் இருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். அடுப்பும் வேண்டாம். சில்லென்று கொடுத்தால் சளி பிடிக்கும் என்பார்கள். சளியைத் தருவது வைரஸ், குளிர்ச்சி அல்ல. ஆனாலும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தைக்குப் பிடிக்கிறது, அப்புறம் என்ன, அப்படியே கொடுங்கள். வெளியே எடுத்து உருகியது, சூடாக்கியது, வாய் வைத்து மிச்சம் விட்டது எல்லாவற்றுக்கும் 2 மணி நேரமே கெடு. முழுதாக உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

கரண்ட் போய்ப் பாதி உருகிவிட்டால்? பனித்துணுக்கு இன்னும் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம். நீங்கள் வீட்டில் இல்லாதபோது கரண்ட் போனதா என்று தெரிய ஒரு சின்ன வேலை: ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே கிடந்தால் பால் பத்திரம். டம்ளரின் அடியில் பனிக்குள் உறைந்து கிடந்தால், எல்லாமே ஒரு தடவை உருகி மறுபடி உறைந்திருக்கிறது.